புரொஃபார்மாவா, டாக்ஸ் இன்வாய்ஸா: எடுத்த ஃபீல்டுகளை வைத்துப் பிரிப்பதும் பதிவதும்

கேள்வி: சப்ளையர்கள் அனுப்பும் பிடிஎஃப்களிலிருந்து எண், தேதி, தொகை, வரி எல்லாவற்றையும் தனித்தனி ஃபீல்டாக எடுத்து கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறோம். எடுத்த பிறகு புரொஃபார்மாவும் டாக்ஸ் இன்வாய்ஸும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. எந்த ஃபீல்டை வைத்துப் பிரிப்பது, பிரித்த பிறகு இரண்டையும் எப்படிப் பதிவது?

புரொஃபார்மா என்பது விற்பனைக்கு முன் அனுப்பும் உத்தேச பில், டாக்ஸ் இன்வாய்ஸ்தான் வரிச் சட்டப்படி கொடுக்கும் உண்மையான பில். ஒரே ஒரு ஃபீல்டைப் பார்த்துப் பிரிக்க நினைத்தால் நிச்சயம் தப்பாகும். நீங்கள் எடுக்கும் ஃபீல்டுகளில் முக்கால்வாசி இரண்டு ஆவணங்களிலும் இருக்கும். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், பொருள் விவரம், விலை, வரி விகிதம், வங்கிக் கணக்கு, இவ்வளவும் புரொஃபார்மாவிலும் அப்படியே வரும், ஏனென்றால் சப்ளையரின் பில்லிங் மென்பொருள் இரண்டையும் ஒரே டெம்ப்ளேட்டில்தான் அச்சிடுகிறது. பெரும்பாலும் தலைப்பு மட்டும்தான் மாறும். அதனால் "வரித்தொகை இருக்கிறது, வரிப் பதிவு எண் இருக்கிறது, ஆகவே இது டாக்ஸ் இன்வாய்ஸ்" என்று முடிவு கட்டும் விதிதான் பெரும்பாலான இடங்களில் முதல் தப்பு.

சில ஃபீல்டுகள் இருந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஆனால் இல்லாவிட்டால் நிறைய நிரூபணம் ஆகும். வேறு சில ஃபீல்டுகள் நேர் எதிர்: இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, இருந்தாலோ கிட்டத்தட்ட முடிவே தெரிந்துவிடும். இந்த இரண்டு வகையையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் பிரிக்கும் வேலை பாதி முடிந்தது.

முதல் வகைக்கு உதாரணம் விற்பவரின் வரிப் பதிவு எண். இந்தியாவில் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, ஆஸ்திரேலியாவில் வணிக எண் 11 இலக்கம், ஐக்கிய அரபு அமீரகத்தில் டிஆர்என் 15 இலக்கம். நாட்டுக்கு நாடு வடிவம் மாறும், வேலை ஒன்றுதான். இந்த எண் பெரும்பாலும் லெட்டர்ஹெட்டிலேயே அச்சாகியிருக்கும், அதனால் புரொஃபார்மா, கொட்டேஷன், டெலிவரி சலான் என்று எதை அனுப்பினாலும் கூடவே வரும். அது இருப்பதால் ஆவணம் டாக்ஸ் இன்வாய்ஸ் ஆகிவிடாது. ஆனால் அது இல்லையென்றால், அல்லது இலக்கங்களின் எண்ணிக்கை சரியில்லையென்றால், அந்த ஆவணத்தை வைத்து உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை, எடுக்கக் கூடாது. வரித்தொகையும் இதே வகைதான். புரொஃபார்மாவில் போடுவது "இவ்வளவு வரி வரும்" என்ற கணிப்பு, அது அரசுக்குக் கட்ட வேண்டிய வரி ஆகிவிட்டதாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே எழுத்துருவில் இருப்பதால் எண்ணைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் வகைக்கு உதாரணம் செல்லுபடியாகும் தேதி. "இந்த விலை இன்ன தேதி வரை" என்று ஓர் ஆவணம் சொன்னால் அது இன்னும் விற்காத பொருளைப் பற்றிப் பேசுகிறது. நடந்து முடிந்த விற்பனைக்கு விலை காலாவதியாகாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: எடுக்கும் மென்பொருளுக்கு `valid_until` என்று தனி ஃபீல்டு சொல்லிக்கொடுக்கவில்லையென்றால், அந்தத் தேதியைத் தூக்கி `due_date`-இல் போட்டுவிடும். அப்புறம் பார்த்தால் 30 நாள் கெடு உள்ள சாதாரண இன்வாய்ஸ் போலவே இருக்கும். உங்கள் ஃபீல்டு பட்டியலில் இன்றைக்கு இந்த ஒன்று இல்லையென்றால் முதலில் இதைச் சேருங்கள். "முன்பணம் 50%, மீதி அனுப்பும் முன்" என்ற மாதிரி கட்டண நிபந்தனையும் இதே பக்கம்தான் சாயும், ஆனால் இது தேதி அளவுக்கு உறுதியில்லை, சிலர் அதே வாசகத்தை எல்லா ஆவணத்திலும் விட்டுவைத்திருப்பார்கள்.

மறுபுறம், டாக்ஸ் இன்வாய்ஸ் என்று உறுதி செய்யும் ஃபீல்டுகளும் உண்டு. இந்தியாவில் மின்-இன்வாய்ஸ் முறைக்குள் வரும் சப்ளையர் என்றால் ஆவணத்தில் 64 எழுத்து ஐஆர்என் எண்ணும் க்யூஆர் குறியும் இருக்கும். அது அரசின் பதிவுத் தளத்திலிருந்து வருவது, புரொஃபார்மாவுக்கு அது கிடைக்காது. மின்-இன்வாய்ஸ் கோப்பாகவே வந்தால் இன்னும் எளிது, அதில் ஆவண வகைக் குறியீடு இருக்கும். ஐ.நா.வின் 1001 குறியீட்டுப் பட்டியலில் புரொஃபார்மா 325, வணிக இன்வாய்ஸ் 380, கிரெடிட் நோட் 381, முன்பண இன்வாய்ஸ் 386, டாக்ஸ் இன்வாய்ஸ் 388. குறியீடு வந்துவிட்டால் தலைப்பை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிடிஎஃப் மட்டும் வரும் சப்ளையர்களிடம்தான் மற்ற பாடெல்லாம்.

அடுத்து ஆவண எண். இதைத்தான் நான் அதிகம் நம்புவேன், ஆனால் ஒரே ஆவணத்தைத் தனியாகப் பார்த்து நம்ப மாட்டேன். டாக்ஸ் இன்வாய்ஸ் எண் விடுபடாத ஒரு வரிசையில் போக வேண்டும், புரொஃபார்மாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் பெரும்பாலும் PI-, PF- என்று தனி வரிசை வைத்திருப்பார்கள். அந்த சப்ளையரின் பழைய டாக்ஸ் இன்வாய்ஸ்கள் மூன்று நான்கு உங்களிடம் இருந்தால் அவர்களது எண் வடிவம் தெரிந்துவிடும், புதிதாக வந்தது அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இதைவிட வலுவான தடயம் ஒன்று உண்டு: ஒரே எண்ணில் இரண்டாம் முறை வேறு தொகையோடு ஆவணம் வந்தால் அது அநேகமாகப் புரொஃபார்மா. புரொஃபார்மாவைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். கொடுத்த டாக்ஸ் இன்வாய்ஸை அப்படித் திருத்த முடியாது, கிரெடிட் நோட் அல்லது டெபிட் நோட் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் பல மென்பொருள்கள் ஒரே எண் வந்தால் டூப்ளிகேட் என்று தள்ளிவிட்டு மேலே போய்விடுகின்றன, இந்தத் தடயமும் கூடவே போய்விடுகிறது.

தலைப்பை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். "புரொஃபார்மா" என்று தலைப்பிலேயே இருந்தால் அது புரொஃபார்மாதான், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற இடங்களில் ஆவணத்தின் மேல் `Tax Invoice` என்று தெளிவாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் வெறும் `Invoice` என்று மட்டும் இருந்தால் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதைவிட அடிக்கடி நடக்கும் தப்பு, ஆவணம் முழுவதிலும் "புரொஃபார்மா" என்ற சொல்லைத் தேடுவது. டாக்ஸ் இன்வாய்ஸில் `Ref: Proforma PI-0417` என்று ஒரு வரி இருக்கும், முன்பணம் எதற்குக் கொடுத்தது என்று காட்டுவதற்காக. முழுப் பக்கத்திலும் தேடும் விதி அந்த நல்ல டாக்ஸ் இன்வாய்ஸைப் புரொஃபார்மா என்று ஒதுக்கிவிடும். அதே வரியால் இன்னொரு தப்பும் வரும், `invoice_no` ஃபீல்டில் PI-0417 போய் உட்கார்ந்துவிடும். தேடுவதை மேல்பகுதித் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கத்தின் குறுக்கே மங்கலாக "புரொஃபார்மா" என்று வாட்டர்மார்க் மட்டும் போடுபவர்களும் உண்டு, எழுத்துணரி அதைப் படிக்காமல் விட்டுவிடும். அப்படிப்பட்ட சப்ளையர் யார் என்று ஒரு முறை தெரிந்தால் அவர்கள் ஆவணத்தை எப்போதும் மனிதர் பார்வைக்கே அனுப்புங்கள்.

விதியாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def doc_type(d):
    t = (d["title"] or "").lower()
    t = t.replace("-", "").replace(" ", "")
    if "proforma" in t:
        return "PROFORMA"
    must = ["invoice_no", "invoice_date",
            "seller_tax_id", "tax_amount",
            "net", "gross"]
    if d["valid_until"] or any(d[f] is None for f in must):
        return "REVIEW"
    if abs(d["net"] + d["tax_amount"] - d["gross"]) > 1:
        return "REVIEW"
    return "TAX_INVOICE"
```

இதில் வரித்தொகை பூஜ்யமாக இருக்கலாம், காலியாக இருக்கக் கூடாது. ஏற்றுமதி மாதிரி பூஜ்ய விகித விற்பனைக்கும் முறையான டாக்ஸ் இன்வாய்ஸ் உண்டு என்பதால் `is None` என்றுதான் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் எந்தப் பக்கமும் தள்ளாமல் `REVIEW`-க்கு அனுப்புவது வேண்டுமென்றே செய்தது. டாக்ஸ் இன்வாய்ஸை ஒரு நாள் தாமதமாகப் பதிவதால் பெரிய நஷ்டம் இல்லை, புரொஃபார்மாவை இன்வாய்ஸாகப் பதிந்தால் அதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். எண் வடிவத்தைப் பழைய இன்வாய்ஸ்களோடு ஒப்பிடும் சோதனையை இங்கே சேர்க்கவில்லை, அதற்கு உங்கள் சப்ளையர் வாரியான தரவு வேண்டும், இந்த விதிக்கு அடுத்த படியாக அதை வையுங்கள்.

சரி, பதிவுக்கு வருவோம். ஒரு கேஸை முழுதாகப் போட்டுப் பார்ப்போம், நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான், வரி 10% என்று வைத்துக்கொள்வோம்.

PI-0417 வருகிறது. 40 பொருள், ஒன்று 5,000, மொத்தம் 2,00,000, வரி 20,000, ஆக 2,20,000. பாதி முன்பணம் கேட்கிறார்கள். புரொஃபார்மா வந்த அன்று லெட்ஜரில் பதிய ஒன்றுமே இல்லை. பொருள் வரவில்லை, கடனும் உருவாகவில்லை, வரியும் பிறக்கவில்லை. ஆனால் ஆவணத்தைத் தூக்கி எறியக் கூடாது, தனி ஆவண வகையாகச் சேமித்து, கொள்முதல் ஆர்டர் எண்ணோடு இணைத்து, செல்லுபடித் தேதியோடு வையுங்கள். பேலன்ஸைத் தொடாத பதிவு அது.

முன்பணம் 1,10,000 கட்டும்போதுதான் முதல் உண்மையான பதிவு வருகிறது: "சப்ளையருக்குக் கொடுத்த முன்பணம்" என்ற சொத்துக் கணக்கில் 1,10,000 பற்று, வங்கியில் 1,10,000 வரவு. விவரத்தில் PI-0417 என்று எழுதுங்கள். இதைச் செலவுக் கணக்கில் போடாதீர்கள், இதற்குள் இருக்கும் வரியைப் பிரித்து உள்ளீட்டு வரியாக எடுக்கவும் கூடாது, கையில் இன்னும் வரி ஆவணம் இல்லை.

பிறகு பொருள் வருகிறது, கூடவே டாக்ஸ் இன்வாய்ஸ். புரொஃபார்மாவின் தொகை அப்படியே வருவது குறைவு, இங்கேயும் மாறியிருக்கிறது. 38 பொருள்தான் அனுப்பினார்கள், 1,90,000. அனுப்பும் செலவு 4,000. மொத்தம் 1,94,000, வரி 19,400, ஆக 2,13,400. அதற்குக் கீழே "பெற்ற முன்பணம் 1,10,000, செலுத்த வேண்டியது 1,03,400" என்று இரண்டு வரி. எடுக்கும் மென்பொருள் பக்கத்தின் கடைசி பெரிய எண்ணை மொத்தம் என்று எடுக்கப் பழகியிருந்தால் `gross` ஃபீல்டில் 1,03,400 வந்துவிடும். மேலே உள்ள கூட்டல் சோதனை இதைப் பிடிக்கும், 1,94,000-ஐயும் 19,400-ஐயும் கூட்டினால் 1,03,400 வராது. `gross`, `amount_due` இரண்டையும் தனி ஃபீல்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு: சரக்குக் கணக்கில் 1,94,000 பற்று, உள்ளீட்டு வரியில் 19,400 பற்று, சப்ளையர் கணக்கில் 2,13,400 வரவு. அடுத்து சப்ளையர் கணக்கில் 1,10,000 பற்று, முன்பணக் கணக்கில் 1,10,000 வரவு. சப்ளையர் கணக்கில் மீதி 1,03,400, அதைக் கட்டினால் எல்லாம் பூஜ்யம். டாக்ஸ் இன்வாய்ஸை முன்பணத்தோடு பொருத்தும்போது தொகையை வைத்துப் பொருத்தாதீர்கள், பார்த்தீர்களே, தொகை மாறிவிட்டது. விற்பவரின் வரிப் பதிவு எண், கொள்முதல் ஆர்டர் எண், புரொஃபார்மா எண் இவற்றை வைத்துப் பொருத்துங்கள்.

இப்போது இதே கேஸில் PI-0417-ஐ இன்வாய்ஸாகப் பதிந்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு விதமாகப் போகலாம். இரண்டும் பேலன்ஸில் வேறு வேறு தடம் விடும், அந்தத் தடத்தை வைத்தே எது நடந்தது என்று சொல்லிவிடலாம்.

ஒன்று, புரொஃபார்மாவும் பதிவானது, டாக்ஸ் இன்வாய்ஸும் பதிவானது. எண் வேறு, தொகையும் வேறு என்பதால் டூப்ளிகேட் சோதனை வாயே திறக்காது. சப்ளையர் கணக்கில் 2,20,000 வரவு, 2,13,400 வரவு, கட்டியது 1,10,000-உம் 1,03,400-உம். மிச்சம் 2,20,000, அதாவது அச்சு அசலாகப் புரொஃபார்மாவின் தொகை. உள்ளீட்டு வரி 19,400-க்குப் பதில் 39,400. சரக்கோ செலவோ 2,00,000 அதிகம். நான் ஒரு நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்த்தபோது இப்படித்தான் ஒரு சப்ளையர் பெயரில் மாதக்கணக்கில் நகராத கடன் நின்றுகொண்டிருந்தது, சப்ளையரிடம் ஸ்டேட்மெண்ட் கேட்டால் பூஜ்யம் என்றார்கள். பழைய கடன் தொகையை எடுத்து சேமித்த ஆவணங்களில் தேடினேன், அதே தொகையில் ஒரு புரொஃபார்மா இருந்தது. அந்தக் கடனை யாராவது உண்மை என்று நம்பி கட்டியிருந்தால் பணமும் போயிருக்கும்.

இரண்டாவது, புரொஃபார்மா பதிவான பிறகு வந்த டாக்ஸ் இன்வாய்ஸை "இது ஏற்கனவே இருக்கிறதே" என்று யாரோ ஒதுக்கிவிட்டார்கள். அப்போது மிச்சம் 2,20,000-லிருந்து 2,13,400 போக 6,600. இது சின்னத் தொகை என்பதால் ரவுண்டிங் என்றோ தள்ளுபடி என்றோ எழுதி மூடிவிடுவார்கள், அதனால்தான் இது முதலாவதைவிட ஆபத்தானது. நீங்கள் வரி எடுத்திருப்பது PI-0417 என்ற எண்ணில் 20,000. சப்ளையர் அரசுக்குக் காட்டியிருப்பது வேறு எண்ணில் 19,400. சப்ளையர் தாக்கல் செய்ததையும் வாங்குபவர் எடுத்ததையும் ஒப்பிடும் நாடுகளில் இரண்டு பக்கமும் பொருந்தாத வரியாக நிற்கும். சப்ளையர் கணக்கில் புரியாத சிறு பாக்கி இருந்தால், தள்ளுபடி எழுதும் முன், அதில் பதிவான எண் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

இரண்டு விஷயம் மேலே சொன்ன கணக்கை மாற்றும். முன்பணம் வாங்கியவுடனேயே வரி பிறக்கும் சட்டம் உள்ள இடங்களில் சப்ளையர் முன்பணத்துக்கென்றே ஒரு டாக்ஸ் இன்வாய்ஸ் தருவார், 386 என்ற குறியீடு அதற்குத்தான். அது புரொஃபார்மாவுக்கு அடுத்து, பொருள் வரும் முன் வருவதால் "இதுவும் புரொஃபார்மாதான்" என்று ஒதுக்கத் தோன்றும். செய்யக் கூடாது, அது வரி ஆவணம். நம் கேஸில் என்றால் 1,00,000-உம் வரி 10,000-உம் அதில் இருக்கும், உள்ளீட்டு வரி 10,000 அப்போதே எடுக்கலாம், முன்பணக் கணக்கில் 1,00,000 மட்டும் நிற்கும், கடைசி இன்வாய்ஸில் மீதி வரி 9,400 மட்டும்தான் எடுக்க வேண்டும். அங்கே மறுபடி முழு 19,400 எடுத்துவிடாதீர்கள். எல்லா நாட்டிலும் முன்பணத்துக்கு இன்வாய்ஸ் என்ற பெயர் இல்லை, ரசீது வவுச்சர் என்று வருவதும் உண்டு, உங்கள் சட்டம் அதை வைத்து வரி எடுக்க விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மாதக் கடைசி. பொருள் வந்துவிட்டது, டாக்ஸ் இன்வாய்ஸ் வரவில்லை, கையில் புரொஃபார்மா மட்டும் இருக்கிறது. கணக்கை மூட வேண்டும் என்ற அவசரத்தில் புரொஃபார்மாவையே பதிவது வழக்கம். பொருள் வந்தால் கடன் உண்மையிலேயே இருக்கிறது, பதியத்தான் வேண்டும், ஆனால் பொருள் வரவுச் சீட்டை வைத்துப் பதியுங்கள்: வந்த 38 பொருளுக்கு 1,90,000 சரக்கில் பற்று, "பொருள் வந்தது, இன்வாய்ஸ் வரவில்லை" என்ற கணக்கில் வரவு. வரி சேர்க்காமல். புரொஃபார்மாவிலிருந்து விலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எண்ணிக்கையை எடுக்காதீர்கள், அது கேட்ட எண்ணிக்கை, வந்தது அல்ல. டாக்ஸ் இன்வாய்ஸ் வந்ததும் இந்தப் பதிவைத் திருப்பிவிட்டு முறையாகப் பதியலாம்.

ஏற்கனவே தப்பாகப் பதிந்தவை இருந்தால் அழிக்காதீர்கள். திருப்பும் பதிவு போட்டு, அதன் விவரத்தில் புரொஃபார்மா எண்ணையும் சரியான டாக்ஸ் இன்வாய்ஸ் எண்ணையும் எழுதுங்கள். கட்டிய பணத்தை முன்பணக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து உண்மையான இன்வாய்ஸில் கழியுங்கள். அந்த மாதத்து வரித் தாக்கல் போய்விட்டது என்றால் அதிகமாக எடுத்த உள்ளீட்டு வரியை உங்கள் சட்டம் சொல்லும் வழியில் திருப்பிக் காட்ட வேண்டும், லெட்ஜரை மட்டும் சரிசெய்தால் தாக்கலில் அது அப்படியே நிற்கும்.